இதய உறையில் டிபி: 26-ஆம் நாள் நாங்களே நிறுத்திய ஸ்டீராய்டு. உங்களில் யாருக்காவது இப்படி?

தறிச்சத்தம்:

அப்பாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிவிட்டது, உரித்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு ஒரே விஷயம்தான் மண்டைக்குள் ஓடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் ரெண்டு மாதமாக சாயங்காலக் காய்ச்சல், 52 கிலோ இருந்தவர் 44 ஆனார். நடந்தால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. கேஸ் என்றார்கள், அப்புறம் ஈரல் என்றார்கள். சளி டெஸ்டில் டிபி இல்லை என்று வந்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். ஒரு ராத்திரி படுக்கவே முடியாமல் தலையணை மூன்றை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரேயில் இதயம் பானை மாதிரி தெரிந்தது, எக்கோ பார்த்தவர் பேசாமல் எழுந்து போய் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார்.

நெஞ்சுக்குழிக்குக் கீழே ஊசி போட்டு நீர் எடுத்தபோது கதவிடுக்கில் நின்று பார்த்தேன். நீர் என்றால் நீர் இல்லை, கெட்டியான கட்டன்சாயாவில் ரத்தம் கலந்த நிறம். 200 மில்லி போனதுமே அப்பா "இப்பத்தான்டா காத்து வருது" என்றார். மொத்தம் 900 மில்லி. அதிலும் கிருமி கிடைக்கவில்லை, ஆனால் டிபி இருந்தால் அந்த நீரில் கூடும் ஏடிஏ என்ற அளவு 68 என்று வந்தது, டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். கூடவே ஸ்டீராய்டு.

சர்க்கரை 380 போனது, முகம் உப்பியது, பக்கத்து வீட்டு மெடிக்கல் ஷாப் அண்ணன் "டிபிக்கு ஸ்டீராய்டா, யாருப்பா குடுத்தா?" என்று பதறினார். 26-ஆம் நாள் நிறுத்திவிட்டோம். நான்தான் நிறுத்தினேன். ரெண்டே நாளில் தலைசுற்றல், வாந்தி. அதுவும் டிபி மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டோம். டிபி மாத்திரையை மட்டும் ஒரு நாள் விடவில்லை. ஐந்தாம் மாதம் மறுபடி கால் வீக்கம், வயிறு உப்பல். இந்த முறை எக்கோவில் நீர் இல்லை, உறைதான் தடிப்பு. நான் நிறுத்தியதால்தான் இப்படி ஆனதா? நேரே சொல்லுங்கள், மனசு நோகும் என்று பார்க்க வேண்டாம்.

மொட்டைமாடி:

எனக்கும் டிபியில் நீர் கோத்தது, 2019-இல். நுரையீரல் பக்கம், ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். ஸ்டீராய்டு ஒரு மாத்திரைகூடத் தரவில்லை, ஆறே மாதத்தில் சரி. ஆகவே நீங்கள் நிறுத்தியது நல்லதுதான், கவலையை விடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் போடுவது நல்லது, குமட்டினால் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், ஆனால் போடாமல் விடக்கூடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள், என் வேட்டி ரெண்டு கறையாகிப்போனது. கண் மஞ்சளானால், சாப்பாட்டைப் பார்த்தாலே ஓங்கரித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சிவப்பு பச்சை வித்தியாசம் மங்கினாலும் சொல்ல வேண்டும், அது டிபிக்குத் தரும் நாலு மருந்தில் ஒன்று கண்ணைப் பிடிப்பது. முட்டை தினம் ரெண்டு, பயறு, கடலை. அரசு சத்துணவுப் பணம் மாதம் 500 இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள், வங்கிக் கணக்கு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், எனக்கு நாலு மாதம் வராமல் அலைந்தேன். வீட்டில் குழந்தை இருந்தால் அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்:

அண்ணே, அப்பாவுக்கு மாத்திரையெல்லாம் முடிந்துவிட்டது. நான் கேட்டது வேறு.

நைட்_ட்யூட்டி:

மொட்டைமாடி சார், நுரையீரலைச் சுற்றி ஒன்றரை லிட்டர் நின்றாலும் ஆள் நடப்பார். இதயத்தைச் சுற்றி வேகமாகச் சேர்ந்தால் அதில் கால்வாசிகூட வேண்டாம். ரெண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

நான் 17 வருடம் வார்டு நர்ஸ். என்னை விடாத ஒன்று இருக்கிறது. முப்பது வயசுப் பையன், கால் வீக்கம், மூச்சுத்திணறல், பி.பி. 96. வீக்கம் வடிய லாசிக்ஸ் ஊசி எழுதியிருந்தார்கள், போட்டேன். அரை மணி நேரத்தில் கை சில்லிட்டது. நாடியைப் பிடித்தேன். அவன் மூச்சை இழுக்கும்போது என் விரலுக்கடியில் நாடி காணாமல் போகிறது, விடும்போது திரும்ப வருகிறது. முதலில் என் விரல்தான் நழுவுகிறது என்று நினைத்து மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கழுத்து நரம்பு காது வரைக்கும் புடைத்திருந்தது. ஓடிப்போய் எழுப்பினேன், நீர் எடுத்தார்கள், பிழைத்தான். அதுவும் டிபிதான். வெளியே நீர் அழுத்தும்போது இதயம் நிரம்புவதே உள்ளே வரும் ரத்தத்தின் தள்ளுதலால்தான், அதையும் வடித்துவிட்டால் எதைப் பம்ப் செய்யும்? அன்றிலிருந்து லாசிக்ஸ் எழுதிய சீட்டைப் பார்த்தால் முதலில் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன்.

தறிச்சத்தம்:

எங்க அப்பாவுக்கு ரெண்டு மாதமாக லாசிக்ஸ் மாத்திரைதானே கொடுக்கிறார்கள்! அப்போ அதுவும் தப்பா?

உண்மைவிளம்பி:

எல்லாம் தப்பு. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும், அடங்கினால் டிபி கிளம்பும். இது பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். ஆறு மாதம் என்பதும் போதாது. எங்கள் மாமாவுக்கு முதுகெலும்பு டிபி, ஒன்றரை வருடம் சாப்பிட்டார், கல் மாதிரி இருக்கிறார். உங்கள் அப்பாவுக்கு அரைகுறையாக முடித்ததுதான் காரணம்.

எக்கோரூம்:

நான் பொதுமருத்துவன், தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில் நாலு வருடம் இருந்தேன், அங்கே எச்.ஐ.வி.யும் டிபியும் சேர்ந்தே வரும், இதய உறையில் நீர் என்றாலே டிபி என்றுதான் கை போகும். தறிச்சத்தம், உங்களுக்குத்தான் முதலில்.

நிச்சயமாக உங்களால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவில் 1400 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2014-இல் வெளியானது, கேப் டவுனின் போங்கானி மயோசி தலைமையில். ஸ்டீராய்டு வாங்கியவர்களில் 4.4 சதவீதத்துக்கு உறை இறுகியது, வாங்காதவர்களில் 7.8. அதாவது ஒழுங்காக வாங்கியும் நூற்றில் நாலு பேருக்கு இறுகியது, வாங்காமலே 92 பேருக்கு இறுகவில்லை. அப்பா எந்தக் கணக்கில் வருவார் என்று அந்த எண் சொல்லாது. ஆறு வாரக் கோர்ஸில் நாலு வாரம் உள்ளே போயிருக்கிறது, அதுவும் அதிக அளவு கொடுக்கும் வாரங்கள். பாதி நிவாரணம் கிடைத்ததா இல்லையா, எனக்கும் தெரியாது.

ஆனால் அந்த வாந்தி, தலைசுற்றல் டிபி மாத்திரையால் இருக்காது என்றே நினைக்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பு தானே சுரப்பதைக் குறைத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் ரெண்டும் இல்லாத நிலை. அதனால்தான் அந்த ஆய்வில் முதல் வாரம் 120 மில்லிகிராம், அப்புறம் 90, 60, 30, 15, கடைசி வாரம் 5 என்று படி இறக்கினார்கள். 120 என்றால் பயப்படாதீர்கள், டிபி மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிட்டு ஸ்டீராய்டை வேகமாகக் கரைத்துவிடும், உடம்புக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. சர்க்கரை ஏறியபோது செய்ய வேண்டியது இன்சுலின், நிறுத்துவது அல்ல. அதை யாரும் உங்களுக்குச் சொல்லாதது உங்கள் தப்பு இல்லை.

உண்மைவிளம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. டிபி மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நிச்சயம் கிளம்பும். மருந்துடன் சேர்த்துக் கொடுக்கும்போது கதை வேறு. இதய உறையில் கிருமி கொஞ்சம்தான், அதனால்தான் அந்த நீரில் தேடினாலும் பல நேரம் கிடைப்பதில்லை. சேதம் பெரும்பாலும் அந்தக் கொஞ்சத்தின்மேல் உடம்பு காட்டும் கோபத்தால். நீர் சேர்கிறது, பசை மாதிரி நார் படிகிறது, அந்தப் பசை ஆறும்போது தழும்பாகச் சுருங்குகிறது. ஸ்டீராய்டு அந்தக் கோபத்தைத் தணிக்கத்தான். உயிரிழப்பைக் குறைத்ததா என்றால் அந்த ஆய்வில் இல்லை. எச்.ஐ.வி. இருந்தவர்களிடம் சிலவகைப் புற்றுநோய் கூடியது, அதனால் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தருவதில்லை. அப்பாவுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் பார்த்திருப்பார்கள்.

ஆறு மாதக் கணக்குக்கு வேறு காரணம். முதல் ரெண்டு மாதம் நாலு மருந்து, பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளை அள்ளிவிடும். அதன்பிறகு மிச்சம் இருப்பவை தூங்கும் கிருமிகள், பெருகாதவை, மருந்து பிடிக்காது. அவ்வப்போது விழிக்கும்போதுதான் அடிக்க முடியும், அதற்காகத்தான் இன்னும் நாலு மாதம் காத்திருப்பு. எலும்பிலும் மூளையிலும் கூடுதல் காலம் தருவது உண்மை, இதய உறைக்கு ஆறுதான் வழக்கம். இப்போது இறுகியிருப்பது கிருமி அல்ல, தழும்பு. இன்னும் ஒரு வருடம் மாத்திரை விழுங்கினாலும் தழும்பு கரையாது.

உண்மைவிளம்பி:

எங்கள் ஊரில் ஒரு டாக்டர் இதய டிபிக்கு ஒன்பது மாதம் தருகிறார். அவர் முட்டாளா?

எக்கோரூம்:

இல்லை, நீர் வற்றாவிட்டாலோ வேறு இடத்திலும் டிபி இருந்தாலோ நானும் நீட்டியிருக்கிறேன். எல்லோருக்கும் நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, அவ்வளவுதான்.

நைட்_ட்யூட்டி:

லாசிக்ஸ் கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். தம்பி, நான் சொன்னது நீர் அழுத்திக்கொண்டிருந்த பையன். உங்கள் அப்பாவுக்கு இப்போது நீர் இல்லை, உறை இறுக்கத்தால் ரத்தம் பின்னுக்குத் தேங்கிக் காலும் வயிறும் வீங்குகிறது. அதற்கு அளவாகக் கொடுப்பார்கள். நீங்களே நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. தலைசுற்றினால், சிறுநீர் குறைந்தால் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்கள்.

தறிச்சத்தம்:

இந்த முறை நிறுத்தவில்லை அக்கா.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அப்பா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். மூச்சு இழுத்தாலும் நாடி அப்படியேதான் ஓடுகிறது. அப்போ இறுக்கம் குறைந்திருக்குமா? ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா? முதல் சில மாதங்களில் இறுக்கம் தானாக விட்டவர்களும் உண்டு என்று டாக்டரே சொல்லித்தான் ரெண்டு மாதம் காத்திருக்க வைத்தார்.

எக்கோரூம்:

உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஆரம்பத்தில், உறை இன்னும் ஈரமாக, வீங்கியிருக்கும்போது. மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம், ரெண்டு மாதம் காத்தும் வீக்கம் வடியவில்லை என்றால் தள்ளிப்போட நான் சொல்லமாட்டேன். தள்ளினால் உறை சுண்ணாம்பாகி இதயத் தசையோடு ஒட்டும், உரிப்பது இன்னும் கஷ்டம். அந்த ஆபரேஷனும் சின்னது இல்லை, அதை அறுவை டாக்டரிடமே கேளுங்கள். நாடி மறைவது நீர் அழுத்தும்போது தெளிவாகத் தெரியும், இறுகிய உறையில் பலருக்குத் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது கழுத்தை. அப்பாவை முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து மூச்சை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக அப்போது கழுத்து நரம்பு அடங்கும்.

தறிச்சத்தம்:

பார்த்தேன். இழுக்கும்போது இன்னும் மேலே ஏறுகிறது. "என்னடா கழுத்தையே பார்க்கிற" என்கிறார்.