கிழவி: கட்டுரையில போடலாமா கூடாதா?

நூல்கண்டு:
74 வயசு அம்மா ஒருத்தரப் பத்தி அவங்க குடும்ப மலருக்கு ஒரு கட்டுரை எழுதுறேன். "அந்தக் கிழவி இன்னும் கண்ணாடி போடாமலே ஊசியில நூல் கோத்துடுவாள்"னு பாசமாத்தான் எழுதினேன், ஆனா படிச்சுப் பார்த்த பேத்திக்கு முகம் சுண்டிப்போச்சு. கிழவிங்கறது திட்டா, செல்லமா, வெறும் பழைய சொல்லா? எழுதறதுக்கு முன்னாடி இத எப்படி பாத்துக்கறது?

பழஞ்சுவடி:
தாராளமா போடுங்க. கிழமைன்னா உரிமை, அதுலேர்ந்து வந்த சொல்லு இது. தொல்காப்பியத்துல "ஒத்த கிழவனும் கிழத்தியும்"னு வர்றது காதலனும் காதலியும்தான், அங்க வயசான பேச்சே கிடையாது. திருமுருகாற்றுப்படை முருகனையே "மலைகிழவோனே"ன்னு சொல்லித்தான் முடியுது. இவ்வளவு கௌரவமான சொல்ல இன்னிக்கு யாரோ முகம் சுளிக்கறாங்கன்னு நாம ஏன் விட்டுக்கொடுக்கணும்?

மெய்ப்புமேசை:
பழஞ்சுவடி சொன்ன வரலாறு சரி, ஆனா அதுலேர்ந்து எடுக்கற முடிவு சரியில்ல. நாற்றம்னா ஒரு காலத்துல நறுமணம், இன்னிக்கு ஒருத்தர்கிட்ட போய் "உங்க மேல நாற்றம் வருது"ன்னு சொல்லிட்டு இலக்கியத்த ஆதாரமா காட்ட முடியுமா? ஒரு சொல்லு எங்கேர்ந்து வந்துச்சுங்கறது வேற, இன்னிக்கு கேக்கறவங்க காதுல எப்படி விழுதுங்கறது வேற, நூல்கண்டு கேக்கறது ரெண்டாவது.

நான் ரொம்ப வருஷமா மெய்ப்பு பாக்கறேன், இந்த மாதிரி சொல்லு வந்தா முதல்ல வினைமுற்றத்தான் பாப்பேன். "பாட்டி வந்தார்" சரியா ஒலிக்குது, "மூதாட்டி வந்தார்" அதுவும் சரி. "கிழவி வந்தார்"னு ஒருதரம் வாய்விட்டு சொல்லிப்பாருங்க, நாக்கு தட்டும், தானாவே "வந்தாள்"னுதான் வாய்க்கு வரும். அதாவது அந்தச் சொல்லு மரியாதை விகுதிய ஏத்துக்க மாட்டேங்குது. நீங்களும் யோசிக்காமலே "கோத்துடுவாள்"னு எழுதியிருக்கீங்க பாருங்க. பேத்திக்கு உறுத்தினது கிழவி மட்டுமில்ல, அந்த "ஆள்" விகுதியும் சேர்ந்துதான்னு நினைக்கறேன். ஆம்பளைக்கு "கிழவர் வந்தார்"னு ஒரு வழி இருக்கு, கிழவன்ங்கறத விட அது கொஞ்சம் மேல. பொம்பளைக்கு கிழவிக்கு மேல அந்த மாதிரி ஒரு படி புழக்கத்துல இல்ல.

ஒத்தையடி:
கிழவியா கெழவியான்னு கேக்கறீங்கன்னா எழுத்துல கிழவிதான் சரி, பேச்சுல கெழவி.

நூல்கண்டு:
எழுத்து இல்லங்க, மரியாதைதான் பிரச்சினை.

ஒத்தையடி:
சரி சரி அவசரத்துல படிச்சிட்டேன். ஆனா அதுலயும் ஒண்ணு இருக்கு, "கெழவி"ன்னு பேச்சு மாதிரியே எழுதினா செல்லம் கொஞ்சம் கூடுது, "கிழவி"ன்னு எழுதினா வெறப்பா நிக்குது. எனக்கு அப்படித்தான் படுது.

தாழ்வாரம்:
எங்க வீட்டுக் கதைய சொல்றேன். எங்க பாட்டிய நாங்க பேரப்பிள்ளைங்க எல்லாரும் "ஏய் கெழவி"ன்னுதான் கூப்பிடுவோம், அவங்களும் "வாடா கெழவா"ம்பாங்க, அது அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு. கல்யாணமாகி வந்த புதுசுல எங்க அண்ணி, நாங்க எல்லாரும் அப்படி கூப்பிடறத கேட்டுட்டு ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல "கெழவிக்கு தண்ணி வேணுமாம்"னு சொல்லிட்டாங்க, பாட்டி ஒண்ணும் பேசல, ஆனா அன்னிக்கு பாதி சாப்பாட்டுலயே எழுந்துட்டாங்க. அண்ணி மேல தப்பே இல்ல, அவங்க கேட்டதத்தான் திருப்பி சொன்னாங்க. அதனால சொல்லுல ஒண்ணும் இல்ல, யாரு சொல்றாங்கங்கறதுலதான் எல்லாம் இருக்குன்னு நான் நினைக்கறேன்.

மெய்ப்புமேசை:
தாழ்வாரம், உங்க அண்ணி விஷயத்த இன்னும் கொஞ்சம் உத்துப் பாருங்க. நீங்க பாட்டி முகத்தப் பாத்து கூப்பிட்டீங்க, அவங்களும் பதிலுக்கு கெழவான்னாங்க, அது ரெண்டுபக்கமும் போய் வர்ற பேச்சு. அண்ணி சொன்னது பாட்டி காதுபட, ஆனா பாட்டிகிட்ட இல்ல, அவங்களப் பத்தி மத்தவங்ககிட்ட. கட்டுரைங்கறது எப்பவுமே ரெண்டாவது வகைதான். படிக்கற ஆயிரம் பேருக்கும் அந்த அம்மாவப் பத்தி நீங்க சொல்றீங்க, அவங்களால பதிலுக்கு "வாடா கெழவா"ன்னு சொல்ல முடியாது. செல்லம்ங்கறது அங்க நிக்காது, வெறும் சொல்லு மட்டும்தான் மிஞ்சும்.

ஆனா "சொல்லுல ஒண்ணும் இல்ல"ங்கறத ஒத்துக்க மாட்டேன். அப்படின்னா பாட்டிங்கற சொல்ல அண்ணி சொல்லியிருந்தாலும் அதே மாதிரி ஆகியிருக்கணும், ஆகியிருக்காதே.

பழஞ்சுவடி:
அப்போ "ஒரு ஊர்ல ஒரு கிழவி இருந்தாள்"னு குழந்தைகளுக்கு கதை சொல்றோமே, அது திட்டா? அகராதிய எடுத்துப் பாருங்க, முதியவள்னுதான் போட்டிருக்கும்.

மெய்ப்புமேசை:
நல்ல கேள்வி. கதையில அது திட்டு இல்ல, ஏன்னா அந்தக் கிழவி நேர்ல இருக்கற யாரும் இல்ல, அங்க ராஜாவும் "இருந்தான்"தான். குடும்ப மலர்ல இருக்கறது உயிரோட இருக்கற ஒருத்தர், அவங்களே வாங்கிப் படிப்பாங்க.

அகராதிய பாக்கணும்தான், ஆனா எந்த அகராதின்னு இருக்கு. பழைய பேரகராதிங்க பொருள வரிசையா அடுக்கும், எது இன்னிக்கு உயிரோட இருக்குன்னு பிரிச்சு காட்டாது. க்ரியாவோட தற்காலத் தமிழ் அகராதி மாதிரி ஒண்ணுல பேச்சு வழக்கு, உயர் வழக்கு, அருகிவரும் வழக்குன்னு குறிப்பு இருக்கும், அத கண்டிப்பா பாருங்க. ஆனா குறிப்பு இல்லேன்னா ஆபத்தில்லன்னு அர்த்தம் இல்ல.

அதுக்கு மேல நான் பண்றது இதுதான். சொல்ல மேற்கோள் குறிக்குள்ள போட்டு தேடறேன், வெறும் "கிழவி"ய மட்டும் இல்லாம "கிழவியை", "கிழவிக்கு", "கிழவியின்"னு வேற்றுமை ஏத்தியும் தேடணும், இல்லேன்னா பாதி கையில சிக்காது. கதை, பாட்டு எல்லாத்தையும் ஒதுக்கிட்டு, உயிரோட இருக்கற ஒருத்தரப் பத்தி யாரோ எழுதினது மட்டும் ஒரு 20 வாக்கியம் எடுத்து பக்கத்துல என்னென்ன சொல்லு நிக்குதுன்னு பாப்பேன். கிழவிக்கு பக்கத்துல "தள்ளாத", "பாவம்", "பொக்கைவாய்", கோபத்துல எழுதினா "இந்தக் கிழவிக்கு என்ன தெரியும்" இப்படித்தான் வரும். ஒண்ணு இரக்கம், இல்ல எரிச்சல். மதிப்போட எழுதின இடத்துல பாட்டி, அம்மா, பெரியவர்னு மாத்தியிருப்பாங்க. இந்த ஒதுக்கலே பெரிய சாட்சி.

நூல்கண்டு:
அப்போ மூதாட்டின்னு மாத்திடவா? பேப்பர்ல எல்லாம் அதானே வருது.

திண்ணைக்காரி:
தயவுசெஞ்சு வேண்டாம். எனக்கு 63, ரோட்ட கடக்கறப்போ கீழ விழுந்தத "மூதாட்டி காயம்"னு போட்டாங்க. காயத்த விட அது வலிச்சுது. அந்தச் சொல்ல வாயால யாரும் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல, செய்தியில மட்டும்தான் இருக்கு.

மெய்ப்புமேசை:
அம்மா சொல்றது எனக்கும் யோசனையா இருக்கு. விகுதி சோதனையில மூதாட்டி தேறிடுது, மரியாதைக் குறைவு இல்ல. ஆனா கூப்பிட்டுப் பாக்கற சோதனையில தேறல. 63க்கு அது பொருந்துமான்னா நான் போடமாட்டேன், 74க்கு சிலர் போடலாம்பாங்க.

பழஞ்சுவடி:
இப்படி ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டே போனா நாளைக்கு பாட்டியும் கூடாதும்பீங்க. எழுதி எழுதித்தான் ஒரு சொல்லோட மதிப்ப மீட்கணும்.

மெய்ப்புமேசை:
மீட்கலாம், உங்களப் பத்தி நீங்களே எழுதி மீட்டுக்குங்க. இன்னொருத்தர் பேர்ல அந்தச் சோதனைய செய்ய வேண்டாங்கறேன்.

நூல்கண்டு:
பேத்திகிட்டயே கேட்டேன், வீட்ல அவங்கள எல்லாரும் எப்படி கூப்பிடுவீங்கன்னு. "அப்பத்தா"ன்னா. "அப்பத்தா இன்னும் கண்ணாடி போடாமலே ஊசியில நூல் கோத்துடுறாங்க"ன்னு மாத்திட்டேன். ஆனா நான் அந்தக் குடும்பத்து ஆளு இல்லையே, நான் அப்பத்தான்னு எழுதினா ஒட்டிக்கிட்ட மாதிரி ஆகாதா?

திண்ணைக்காரி:
அவங்க பேரச் சொல்லி "அம்மா"ன்னு ஒரு தரம் ஆரம்பிங்க, அப்புறம் பேத்தி வாயில வர்ற இடத்துல மட்டும் அப்பத்தான்னு விடுங்க.

தாழ்வாரம்:
அவங்ககிட்டயே ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்களேன்.