டிவிடெண்ட் ஆப்ஷனிலிருந்து குரோத்துக்கு: ஒரே தடவையா, இரண்டாகவா?

2019-ல் ஒரு ஈக்விட்டி ஃபண்டில் மொத்தமாக 6 லட்சம் போட்டேன், டிவிடெண்ட் கையில் வரும் ஆப்ஷன் (இப்போது பெயர் ஐடிசிடபிள்யூ). இன்றைய மதிப்பு 9 லட்சம். நான் 30% வரி வரம்பில் இருக்கிறேன், அதனால் வருடம் வரும் 60,000-ல் 18,000 வரியாகவே போகிறது, செஸ் தனி. பணம் மகளின் கல்லூரிக்கு, இன்னும் எட்டு வருடம் இருக்கிறது, நடுவில் வருமானம் தேவையில்லை. அம்மாவுக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை, அவருடைய டிவிடெண்ட் ஆப்ஷன் அப்படியே இருக்கட்டும்.

வங்கியில் கேட்டால் டிவிடெண்டுக்கு வரியே இல்லை என்கிறார்கள், அது 2020 ஏப்ரலோடு போன கதை. ஆப்பில் சுவிட்ச் போட்டுப் பார்த்தேன், விற்பனையாகத்தான் காட்டுகிறது. மொத்தமாக மாற்றினால் 3 லட்சம் லாபத்தில் 1.25 லட்சம் கழிய மீதிக்கு 12.5%, அதாவது 21,875. மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்றால் இரண்டு நிதியாண்டிலும் தனித்தனியாக 1.25 லட்சம் கழிந்து, மொத்தம் 6,250தான் வருகிறது. இந்த வருடம் வேறு லாபம் எதுவும் எடுக்கவில்லை.

இப்படிப் பிரித்து மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, இந்தக் கணக்கில் நான் விட்டது ஏதாவது உண்டா?