[கலைச்சொல்] சாட் திடீரென்று எகிறும் இடத்துக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மீனாட்சி, செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம்.

கேம் ஸ்ட்ரீம் பதிவுகளில் வெட்டி எடுக்கத் தகுந்த இடங்களைக் கண்டுபிடித்துத் தரும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி இரவுக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். நாலு மணி நேரப் பதிவை உட்கார்ந்து முழுக்கப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அதனால் இந்த மென்பொருள் வீடியோவைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் ஓடிய சாட்டை எடுத்துக்கொண்டு, எங்கே செய்திகளும் எமோட்டுகளும் சட்டென்று குவிகின்றன என்று பார்க்கிறது. அந்தக் குவிதலுக்குத்தான் சொல் இல்லை. திரையில் மூன்று இடங்களில் வருகிறது: `Show bursts`, `Burst start`, `Burst threshold`. `Peak` என்று தனியாக ஒன்று உண்டு, அதற்கு "உச்சம்" போட்டுவிட்டேன்.

முதலில் "வெடிப்பு" என்று போட்டேன். "வெடிப்புகளைக் காட்டு" என்று பொத்தானில் படித்ததும் மனசு ஒப்பவில்லை. உதவுங்கள்.

அரங்கநாதன், செவ்வாய் மதியம்

அன்புள்ள மீனாட்சிக்கு,

சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதம்மா. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கும் அரவப் பொருளன என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. பலர் ஒருங்கே எழுப்பும் ஓசைக்கு நான்கு சொல் வைத்திருந்த மொழி இது. இவற்றில் "கலி"யை இன்று எடுத்தால் யுகமும் களியும் வந்து குழப்பும். "அழுங்கல்" இரக்கத்துக்கும் கேட்டுக்கும் போய்விடும். "சும்மை" காதில் "சுமை" என்று விழும். மிஞ்சுவது "கம்பலை". கம்பலைத் தொடக்கம், கம்பலை வரம்பு. எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது, பாருங்கள்.

சாமுவேல், செவ்வாய் மாலை

ஐயா, "கம்பலை" என்றால் என் பையனுக்குக் கம்பளிதான் நினைவுக்கு வரும்.

அந்த இடத்தை "அதிரடிக் கணம்" என்றே சொல்லிவிடலாமே, மீனாட்சி? பார்க்கிறவனுக்கு வேண்டியது அதுதானே. அப்புறம், எமோட்டு என்றால் எமோஜிதானே? அதற்குத் தனிச் சொல் எதற்கு?

கதிர், செவ்வாய் இரவு

சாமுவேல் அண்ணா, "அதிரடிக் கணம்" என்று வைத்தால் மென்பொருளுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னதாகிவிடும். ஆறு வருடமாக ஸ்ட்ரீம் பதிவுகளை வெட்டித் தரும் வேலை செய்கிறேன், அதனால் ஒரு பதிவை வைத்தே சொல்கிறேன்.

போன மாதம் எல்டன் ரிங் விளையாடிய ஒரு டிவிட்ச் பதிவு வந்தது. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சாட்டை இறக்கி, பத்துப் பத்து நொடியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்து நொடியிலும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணினேன். செய்திகளை எண்ணக் கூடாது, ஆட்களைத்தான் எண்ண வேண்டும். ஒரே ஆள் இருபது முறை ஒட்டினால் கணக்கு வீங்கிவிடும்.

```
TwitchDownloaderCLI chatdownload --id 1234567890 -o chat.json
jq -r '.comments[] | [(.content_offset_seconds/10|floor)*10, .commenter._id] | @tsv' chat.json |
  sort -u | cut -f1 | sort -n | uniq -c
```

அந்தச் சேனலில் சாதாரணமாகப் பத்து நொடிக்கு ஒன்பது, பத்துப் பேர் எழுதுவார்கள். முந்தைய ஐந்து நிமிடத்தின் இடைநிலை அளவை வைத்துக்கொண்டு, அதைப் போல மூன்று மடங்கு தாண்டும் இடங்களை எடுத்தேன். பெரிதாக மூன்று வந்தன.

முதலாவது 0:41:20. அறுபத்துநாலு பேர், பதிவிலேயே பெரிய குவியல். போய்ப் பார்த்தால் எல்லாரும் `!join` என்று எழுதியிருக்கிறார்கள். ஏதோ பரிசுக் குலுக்கல். இரண்டாவது 1:17:50, ஐம்பத்தெட்டுப் பேர். வேறொரு சேனல்காரர் தன் பார்வையாளர்களை மொத்தமாக இங்கே அனுப்பிவைத்த நேரம் அது. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: எழுதியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஒரு செய்திகூட எழுதாதவர்கள்.

மூன்றாவது 2:08:30. நாற்பத்தேழு பேர்தான். அதில் முப்பத்தொரு பேர் `KEKW` என்ற சிரிப்பு எமோட்டை எழுதியிருந்தார்கள். அந்த விளையாட்டில் வரும் மலேனியா என்ற எதிரியோடு சண்டை. அவளுடைய ரத்தக் கோடு காலியானதும் விளையாடியவர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கையை உயர்த்திவிட்டார். அவளுக்கு இரண்டாம் கட்டம் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. எழுந்து, மேலே போய், பூவாக விரிந்து இறங்கினாள். அவ்வளவுதான். வெட்ட வேண்டிய இடம் அந்த ஒன்றே.

இதிலிருந்து சொல்லுக்கு வருகிறேன். மூன்றையும் மென்பொருள் ஒரே பெயரில்தான் காட்டும். எது அதிரடி என்று பார்த்துச் சொல்வது மனிதன். அதனால் நல்லது கெட்டது சொல்லாத பெயர் வேண்டும்.

எமோட்டு எமோஜி அல்ல, அண்ணா. எமோஜி யூனிகோடு எழுத்து, எந்தப் போனிலும் இருக்கும். எமோட்டு அந்தத் தளத்துக்கும் சேனலுக்கும் உரிய படம். `KEKW` மாதிரி நீட்டிப்புகளில் இருந்து வருபவை சாட் கோப்பில் வெறும் சொல்லாகவே கிடக்கும், அதனால் தேடுவது சுலபம். பெரிய எழுத்து சின்ன எழுத்து மட்டும் சரியாக இருக்க வேண்டும். `KEKW` குவிந்தால் சிரிப்பு, `monkaS` குவிந்தால் பதற்றம், `Pog` குவிந்தால் வியப்பு. குவியல் எங்கே என்று ஆட்களின் எண்ணிக்கை சொல்லும், எந்த வகை என்று எமோட்டு சொல்லும்.

ஜெயராணி, புதன் காலை

கதிர் தம்பி, மிகவும் தெளிவாக விளங்கியது. ஒரு கேள்வி. 2:08:30 என்றீர்கள். அவர் தோற்றதும் அந்த நொடியிலா?

கதிர், புதன் காலை

இல்லை அக்கா. தோற்றது 2:08:14. ஸ்ட்ரீம் பார்வையாளரிடம் போய்ச் சேரச் சில நொடி, அவர் பார்த்துச் சிரித்துத் தட்டச் சில நொடி. சாட் எப்போதும் பின்னால்தான் வரும். அதனால் `Burst start` என்பது நிகழ்ச்சியின் தொடக்கம் இல்லை, எதிர்வினையின் தொடக்கம். அந்தப் புள்ளியில் வெட்டினால் விழுந்தது போய், சிரிப்பு மட்டும் மிஞ்சும். நான் இருபத்தைந்து முப்பது நொடி பின்னால் போய்த்தான் தொடங்குவேன். தாமதம் சேனலுக்குச் சேனல் மாறும், இரண்டு மூன்று இடத்தைக் கண்ணால் பார்த்து அளந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். குவியலுக்கு முந்தைய ஒரு நிமிடம் சாட் அடங்கிவிட்டது, பத்து நொடிக்கு மூன்று பேர்தான். எல்லாரும் விரலை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்திருக்கிறார்கள். குலுக்கலுக்கு முன்னால் இந்த அமைதி இல்லை. எல்லா நல்ல இடத்துக்கும் இது நடக்காது, ஆனால் நடந்தால் நான் முதலில் அங்கேதான் போவேன்.

ஜெயராணி, புதன் மாலை

அப்ப இது பால் பொங்குவது போலத்தான். ஒரு அசைவும் இல்லாமல் கிடக்கும், நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம், ஒரு கணத்தில் விளிம்பைத் தாண்டிவிடும், பிறகு அடங்கிவிடும். தொடக்கமும் உச்சமும் முடிவும் இருக்கிறது. "சாட் பொங்கியது" என்றால் விளங்காத ஆள் இல்லை. மகிழ்ச்சியிலும் பொங்கலாம், கோபத்திலும் பொங்கலாம்.

அரங்கநாதன், புதன் இரவு

வினை அழகானது, ஒப்புக்கொள்கிறேன். பெயர்ச்சொல்லுக்கு என்ன செய்வீர்கள்? "பொங்கல்களைக் காட்டு" என்றால் தை மாதம் வந்துவிடுமே.

ஜெயராணி, வியாழன் காலை

ஐயா, யாழ்ப்பாணத்தில் பானையில் இருக்கிறதைப் புக்கை என்போம், பொங்கல் எங்களுக்குப் பண்டிகை. இருந்தாலும் குழப்பம் குழப்பம்தான். பெயரை விட்டுவிட்டு எச்சமாக வைத்தால் என்ன? "பொங்கிய இடங்களைக் காட்டு".

மீனாட்சி, வியாழன் காலை

அக்கா, அது பொத்தானில் அப்படியே உட்கார்ந்துவிட்டது! மற்ற இரண்டுக்கும் "பொங்கத் தொடங்கிய நேரம்", "பொங்கு வரம்பு" என்று வைக்கலாமா? கடைசியில் இருப்பது ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. நடுவில் வல்லெழுத்து மிகாது, அதனால் பின்னால் யாராவது "பொங்குகணம்" என்று ஆக்கினாலும் "பொங்குக்கணம்" ஆகிவிடக் கூடாது என்று குறிப்பில் எழுதிவிடுகிறேன்.

அரங்கநாதன், வியாழன் மதியம்

வினைத்தொகை சரியே. எனினும் கலைச்சொல் என்பது பெயராக நிற்க வேண்டும். நாளை ஒரு மாணவர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினால், "பொங்கிய இடத்தைக் கண்டறியும் முறைகள்" என்று எத்தனை முறை நீட்டி எழுதுவார்? "கம்பலை கண்டறிதல்" என்று இரண்டே சொல்லில் முடியும். புரியவில்லை என்பது ஒரு தலைமுறைக்குத்தான். "பேருந்து" என்றபோதும் இப்படித்தான் சொன்னார்கள். என் வாக்கு கம்பலைக்கே.

சாமுவேல், வியாழன் மாலை

என் அக்கா மகன் யூடியூபில் தமிழில் ஸ்ட்ரீம் செய்கிறான். முப்பது பேர் பார்ப்பார்கள். கதிர் சொன்ன மாதிரி செய்து பார்த்தோம். `KEKW` ஒன்றுகூட இல்லை. பொங்கிய இடம் என்று வந்த ஆறும் "வணக்கம் அண்ணா", "அண்ணா பேர் சொல்லுங்க". புதிதாக நாலு பேர் வந்த நேரம். இந்த முறையே தப்போ?

கதிர், வியாழன் இரவு

முறை தப்பில்லை அண்ணா, ஆள் போதாது. வழக்கமாக இரண்டு பேர் எழுதும் இடத்தில் ஏழு பேர் வணக்கம் சொன்னாலே மூன்று மடங்கு தாண்டிவிடும். மடங்கோடு சேர்த்து "குறைந்தது பத்துப் பேராவது" என்று ஒரு தரையும் போடுங்கள். வணக்கச் செய்திகளை முதலிலேயே கழித்துவிடுங்கள். எமோட்டுப் பட்டியலும் அந்தச் சேனலுக்கென்றே செய்ய வேண்டும். தம்பிக்கு நினைவிருக்கும் நல்ல இடம் ஐந்தாறு எடுத்து, அங்கே மக்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "செம", "வேற லெவல்", 😂 என்று அவர்களுடைய சொற்களே வரும். "செம" என்பதைத் தமிழிலும் `sema` என்றும் `semma` என்றும் எழுதுவார்கள், மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து எண்ண வேண்டும். அப்படியும் முப்பது பேர் சாட்டில் பாதி இடம் தப்பிவிடும். அவ்வளவு சின்ன சேனலில் விளையாடும்போதே நேரத்தைத் தாளில் குறித்துவைப்பதுதான் நம்பகம்.

சொல்லுக்கு என் வாக்கு "பொங்கிய இடங்கள்".

மீனாட்சி, வெள்ளி இரவு

கோப்பை அனுப்பிவிட்டேன். "பொங்கிய இடங்களைக் காட்டு", "பொங்கத் தொடங்கிய நேரம்", "பொங்கு வரம்பு". ஐயாவின் மறுப்பையும் "கம்பலை"யையும் மொழிபெயர்ப்புக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். "பொங்கத் தொடங்கிய நேரம்" பக்கத்தில் "நிகழ்ச்சி இதற்கு முன்பே நடந்திருக்கும்" என்று ஒரு வரி உதவிக்குறிப்பு சேர்க்கச் சொல்லி நிரலாளருக்கு எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்திலேயே அது இல்லை.

எமோட்டு இப்போதைக்கு எமோட்டாகவே இருக்கிறது.

அரங்கநாதன், சனி காலை

நன்றி மீனாட்சி. எமோட்டுக்கு "மெய்ப்பாட்டுக்குறி" என்று ஒன்று எண்ணி வைத்திருக்கிறேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எட்டும் உண்டல்லவா. கதிர் சொன்ன `KEKW` நகை, `monkaS` அச்சம், `Pog` மருட்கை. மற்ற ஐந்துக்கும் எமோட்டு உண்டா என்று கதிர்தான் சொல்ல வேண்டும்.