கம்பியை வெட்டினால் கஜலட்சுமியும் போய்விடுகிறாள்

கவிதா: கானாடுகாத்தானில் எடுத்த தெருப் படத்தை அனுப்பியிருக்கிறேன். புது வீட்டுக் கூடத்தில் மாட்ட 18-க்கு 12 அங்குலச் சட்டம் வாங்கிவிட்டேன். மேலே மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அந்தப் பகுதியை வெட்டிவிட்டால் படம் நிற்குமா?

மீனாட்சி பெரியம்மா: வெட்டிவிடு. அவ்வளவு அழகான வீட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கம்பம் எதற்கு?

ராமநாதன் மாமா: எங்கள் மாடியை ஒட்டியும் இப்படித்தான் கம்பி போகிறது. துணி காயவைக்கவே பயமாக இருக்கிறது. நீங்களாக எதையும் வெட்டாதீர்கள், ஆபத்து.

கவிதா: மாமா, படத்தில் வெட்டுவதைத்தான் கேட்டேன். ஆனால் மாடியில் கவனமாக இருங்கள்.

அருண்: மேலே கால் பாகத்தை எடுத்துவிட்டேன், பாருங்கள். கம்பிகள் பெரும்பாலும் போய்விட்டன. சைக்கிள் தாத்தா பெரிதாகத் தெரிகிறார். அவர் இடப்பக்கத்திலிருந்து சரியாக மூன்றில் ஒரு பங்கில் வருகிறார். விதிப்படி சரிதானே?

செல்வம் சித்தப்பா: தாத்தாவின் இடம் நன்றாகத்தான் இருக்கிறது, அருண். ஆனால் மேல் விளிம்பைப் பார். முகப்பு உச்சியில் இருக்கும் கஜலட்சுமி சுதைச் சிற்பத்தில் யானைகளின் துதிக்கைகள் போய்விட்டன. வலப்பக்கம் முதல் கம்பம் தலையில்லாமல் நிற்கிறது. இரண்டாவது கம்பத்தின் தலை விளிம்பில் முட்டுகிறது. முன்பு கண் தெருக்கோடிக்குப் போனது; இப்போது இந்த மூன்று இடங்களில் மாட்டிக்கொள்கிறது.

அருண்: கம்பி போனதே, சித்தப்பா.

செல்வம் சித்தப்பா: போனது. தரை கூடிவிட்டதே! தெரு மறையும் இடம், அதாவது கண்மட்டம், மூலப் படத்தில் கீழிருந்து நூற்றுக்கு 42.5 அளவில் இருந்தது. மேலே மட்டும் கால் பாகம் எடுத்ததும் அது 57-க்கு ஏறிவிட்டது. படத்தில் பாதிக்கு மேல் வெறும் சாலை. வானம் குறைந்தால் கீழேயும் குறைக்க வேண்டும்.

மீனாட்சி பெரியம்மா: அப்படியானால் கம்பி இருக்கட்டும் என்கிறாயா, செல்வம்?

செல்வம் சித்தப்பா: எல்லாம் இல்லை, அண்ணி. பக்கத்தில் இருக்கும் தடித்த கம்பிகள்தான் தொல்லை. வெளுத்த வானத்தில் கறுப்புக் கோடாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. தூரத்துக் கம்பிகள் மெலிந்து தெருக்கோடியை நோக்கி இறங்குகின்றன. அவை கண்ணை உள்ளே கூட்டிப்போகின்றன. அவற்றையும் எடுத்தால் மிச்சமிருக்கும் கம்பங்கள் எதற்கு நிற்கின்றன என்றே தெரியாது.

கவிதா, மூலக் கோப்பின் அளவு என்ன?

கவிதா: 6000-க்கு 4000 பிக்சல்.

செல்வம் சித்தப்பா: மேலே 500 மட்டும் எடு. சிற்பத்துக்கு மேல் கொஞ்சம் வானம் மிஞ்சும். கீழே 300 எடு. சட்டத்தின் விகிதம் மாறாமலிருக்க அகலத்தில் 1200 போக வேண்டும். அதை முழுவதும் வலப்பக்கத்திலிருந்தே எடு. முதல் கம்பம் முழுதாக வெளியே போய்விடும்.

கவிதா: செய்துவிட்டேன். கம்பம் போய்விட்டது, சிற்பமும் தப்பித்துவிட்டது. ஆனால் இரண்டாவது கம்பத்துக்கு வரும் கம்பி சரியாக வலது மேல் மூலையில் போய்க் குத்துகிறது. பார்வை அந்த மூலைக்கே ஓடுகிறது.

செல்வம் சித்தப்பா: நன்றாகக் கவனித்தாய். மூலையில் முடியும் கோடு கண்ணை வெளியே இழுத்துவிடும். வலப்பக்கம் இன்னும் 300, கீழே இன்னும் 200 எடு.

கவிதா: 4500-க்கு 3000. இப்போது கம்பி மூலைக்குக் கீழே, வல விளிம்பில் நுழைகிறது. கண்மட்டம் கீழிருந்து நூற்றுக்கு 40.

அருண்: ஆனால் இடப்பக்கம் அவ்வளவு பெரிய முகப்பு. வலப்பக்கம் காலியாக இல்லையா?

செல்வம் சித்தப்பா: அங்கே இரண்டாவது கம்பம் நிற்கிறதே. ஒல்லியாக இருந்தாலும் கறுப்பு. விளிம்புக்குப் பக்கத்தில் நிற்பதால் முகப்புக்கு ஈடுகொடுக்கிறது. ஒரு விரலால் அதை மறைத்துப் பார், படம் இடப்பக்கம் சாய்ந்துவிடும்.

அருண்: மறைத்துப் பார்த்தேன். உண்மைதான். ஆனாலும் அது விளிம்பை மிகவும் நெருங்கி நிற்கிறது என்றே எனக்குப் படுகிறது.

செல்வம் சித்தப்பா: அதை மறுக்க மாட்டேன். சட்டத்தின் உதடு ஓரத்தில் கொஞ்சம் விழுங்கும், அப்போது இன்னும் நெருக்கமாகும்.

கவிதா: இவ்வளவு வெட்டிய பிறகு 18 அங்குலத்துக்குத் தெளிவு போதுமா?

செல்வம் சித்தப்பா: அங்குலத்துக்கு 250 பிக்சல் வருகிறது. கூடத்தில் நின்று பார்க்கத் தாராளம்.

மீனாட்சி பெரியம்மா: எனக்கு மிச்சக் கம்பியும் பிடிக்கவில்லை. அழித்துவிட முடியாதா?

செல்வம் சித்தப்பா: வானத்தில் அழிப்பது எளிது, அண்ணி. முகப்பின் சுதை வேலைக்குக் குறுக்கே போகும் இடத்தில் தடம் தெரியும். சாலையில் கம்பத்தின் நிழல் வேறு விழுந்திருக்கிறது.

கவிதா: முதலில் 6-க்கு 4 அங்குலத்தில் இரண்டு பிரதி எடுக்கிறேன். ஒன்று இப்படியே, இன்னொன்று கம்பியை அழித்து. ஞாயிற்றுக்கிழமை வரும்போது கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பெரியம்மா.

ராமநாதன் மாமா: அப்படியே எங்கள் மாடியையும் ஒரு படம் எடுத்துக் கொடு, கவிதா. கம்பி எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று மனுவோடு காட்ட வேண்டும். அதில் கம்பியை வெட்டிவிடாதே.