புதுப்பிப்பு: ஏழு மாதக் குழந்தையின் இரவு விழிப்பு

நான் கேட்டது: "பகலில் குறைவாகத்தான் தூங்குகிறான். அப்படியும் இரவில் முதுகை வளைத்து அழுது, நான்கு முறை எழுகிறான். ஏன்?"

பகல் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார் என் மாமியார்; மாலையில் வெகுநேரம் உறங்கிய நாள்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. பல் முளைக்கிறது என்ற தோழி, தன் மகளின் கதையைத்தான் சொன்னார். செவிலியரான அக்காவின் விளக்கமே எனக்குப் பிடிபட்டது: தூக்கம் வரும் நேரத்தைக் கடந்து விழித்திருந்தால், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடிக் குழந்தையைப் படபடப்பாக்கும் என்று கருதப்படுகிறது, அதனால் ஒவ்வொரு தூக்கச் சுற்றின் முடிவிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும் லேசான விழிப்பில் மறுபடி உறங்க முடியாமல் முழுதாக எழுந்துவிடுகிறான், மறுநாளையும் களைப்போடே தொடங்குகிறான்.

குறித்துப் பார்த்தேன். மாலை 4 மணிக்கு எழுந்தவனை, அவன் அப்பா கிண்டி நெரிசலைக் கடந்து வரும்வரை, 9 மணிவரை விழிக்க வைத்திருந்தோம். இந்த வயதில் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மணி நேரமே தாங்குமாம். 8 மணிக்கு அவன் கைகால் உதறிச் சிரித்ததை உற்சாகம் என்று நம்பியதுதான் எங்கள் பிழை, 6.45க்கே வெறித்துப் பார்த்துக் காதை இழுத்திருக்கிறான். அந்த நேரத்திலேயே விளக்கை அணைக்கத் தொடங்கினோம்; அதன் நான்காம் இரவிலிருந்து இரண்டு முறைதான் எழுகிறான், ஒன்று பாலுக்கு. விடியற்காலை 5 மணி விழிப்பு மட்டும் இன்னும் மாறவில்லை.