புதுப்பிப்பு: மார்கழியில் உறையாத தயிர்

“அதே பால், அதே உறைமோர். பத்து நாளா காலையில பார்த்தா பால் பாலாவே இருக்கு. ஏன்?” – போன வாரம் நான் கேட்டது. பலர் யோசனை சொன்னீர்கள்.

தயிர் உறைந்துவிட்டது. கோளாறு உறையில் இல்லை, இரவில்தான்.

மயிலாப்பூர் மாமி ஒருவர் சொன்னபடி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு அரை லிட்டர் பால் 42 டிகிரி. ஸ்டீல் பாத்திரத்தில், கிரானைட் மேடையில். பன்னிரண்டு மணிக்கு 29! அந்தச் சூட்டில் உறை மந்தமாகிவிடும். காலைக்குள் வேலை முடியாது.

உறையைக் கூட்டச் சொன்னவர் பாதி சரி. இரண்டு கரண்டி விட்டதும் உறைந்தது, ஆனால் புளிப்பு, மேலே தண்ணீர். பால் திரிந்ததாக நினைத்து ஒருவர் பால்காரரை மாற்றச் சொன்னார். பாவம் பால்காரர்!

இப்போது செய்வது: உறைத்தயிரை அரை மணி முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுகிறேன். விரல் தாங்கும் சூட்டில் பாலில் ஒரு டீஸ்பூன் கலந்து, வெந்நீர் ஊற்றிக் கொட்டிய ஹாட்பாக்ஸில் மூடிவிடுகிறேன். பன்னிரண்டு மணிக்கு 38 இருந்தது. காலை ஆறுக்குச் சாய்த்தால் அசையவில்லை.

ஒருநாள் மறந்து மேடையிலேயே வைத்துவிட்டேன். காலையில் உறையவில்லை. கலக்காமல், பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி வைத்தேன். மூன்று மணி நேரத்தில் உறைந்தது.

உறைக்கு மிளகாய்க் காம்பு போடச் சொன்ன ஊட்டிக்காரரே, அதை இன்னும் சோதிக்கவில்லை.