மௌனத்தையெல்லாம் வெட்டிய பிறகும் பாதியில் போய்விடுகிறார்கள், ஜம்ப் கட் போதவில்லையா?

நிழல்குடை:
வணக்கம். கொஞ்சம் அவசரம், நாளை இரவு அடுத்த வீடியோ ஏற்ற வேண்டும். கேமரா முன் உட்கார்ந்து பேசுகிற வீடியோதான். போன வீடியோவில் இடைவெளியெல்லாம் வெட்டிவிட்டேன், பி-ரோலும் போட்டிருக்கிறேன். இருந்தும் பார்ப்பவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள். ஜம்ப் கட் எத்தனை விநாடிக்கு ஒன்று வைக்க வேண்டும்?

சட்டகம்25:
எவ்வளவு நீள வீடியோ? எதைப் பற்றி? பாதி என்றால் எந்த நிமிடம்? யூடியூப் ஸ்டுடியோவில் ரிட்டென்ஷன் வரைபடம் பார்த்தீர்களா?

வேகமானி:
மூன்று விநாடிக்கு மேல் ஒரே ஃபிரேம் நிற்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் 115% ஜூம், அடுத்ததில் பழையபடி. நான் அப்படித்தான் செய்கிறேன். திரை மாறிக்கொண்டே இருந்தால் விரல் நகராது.

மூத்தவெட்டு:
வாரம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. எடிட்டிங்கால் பேச்சைக் காப்பாற்ற முடியாது. முதலில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், வெட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.

கடலோரம்:
எனக்கும் இதே பிரச்சினை! பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். மொபைலில் எடுத்ததால் ஃபிரேம் ரேட் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் நிலையான 30-க்கு மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள்.

சட்டகம்25:
கடலோரம், அவர் கேட்பது சிங்க் பற்றி இல்லை. ஆனால் மொபைலில் எடுத்திருந்தால் அதையும் பார்த்துக்கொள்வது நல்லதுதான்.

நிழல்குடை:
மன்னிக்கவும், விவரம் விட்டுவிட்டேன். 9 நிமிடம். முதல் தொலைநோக்கி எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது தலைப்பு. 4கே-யில் எடுத்து 1080 டைம்லைனில் வெட்டினேன். மௌனத்தைத் தானாக நீக்கும் வசதியை மைனஸ் 30 டெசிபலில் வைத்தேன். வரைபடத்தில் முதல் 40 விநாடியிலேயே ஒரு சரிவு. அப்புறம் மெதுவாக இறங்குகிறது. 3:48-இல் படிக்கட்டு மாதிரி சடாரென்று விழுந்து, அதன் பிறகு ஏறவே இல்லை. பி-ரோல் 3:10-லிருந்து 3:50 வரை.

ஒலிவிளிம்பு:
இப்போது பேசலாம். வீடியோவைப் பார்த்தேன்.

முதலில் வரைபடம். பள்ளமாக இறங்கி மறுபடி ஏறினால், அந்த இடத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்களுடையது ஏறவில்லை, அப்படியானால் குதிக்கவில்லை, வெளியேறிவிட்டார்கள். 3:10-லிருந்து 40 விநாடிக்கு நெபுலா படங்கள் ஓடுகின்றன. அதே நேரத்தில் உங்கள் குரல், கண்ணாடியின் விட்டம்தான் முக்கியம், உருப்பெருக்கத்தை நம்பாதீர்கள் என்கிறது. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறொன்று. அதைவிட மோசம், சிறிய தொலைநோக்கியில் அந்த வண்ணமெல்லாம் தெரியாது என்று நீங்களே பின்னால் சொல்கிறீர்கள். படம் உங்கள் பேச்சையே மறுக்கிறது. அந்த 40 விநாடி முழுக்க உங்கள் முகமும் இல்லை. 3:48-இல் "ஆக, இதுவரை பார்த்ததில்" என்று ஆரம்பிக்கிறீர்கள். ஏற்கெனவே பிடி தளர்ந்தவருக்கு அந்த வாக்கியம் கதவைத் திறந்து விடுகிறது.

உங்கள் கையில் இரண்டு கண்வில்லைகள் இருக்கின்றன அல்லவா? 25 மி.மீ. ஒன்று, 10 மி.மீ. ஒன்று. அவற்றை மேசையில் வைத்து எடுங்கள். 1000 மி.மீ. குவிதூரமுள்ள குழாயில் முதலாவது 40 மடங்கு, இரண்டாவது 100 மடங்கு என்று சொல்லும்போது அந்தந்த வில்லை திரையில் வரட்டும், ஒவ்வொன்றும் மூன்று, நான்கு விநாடி போதும். "கண்வில்லை" என்ற சொல் காதில் விழுவதற்கு நாலைந்து ஃபிரேம் முன்பே படம் வந்துவிட்டால், கண் தேடிக்கொண்டிருக்காது. "ஆனால் 100 மடங்கு என்பதாலேயே நன்றாகத் தெரிந்துவிடாது" என்று உங்கள் கருத்தைச் சொல்லும்போது முகத்துக்குத் திரும்புங்கள். அந்த வாக்கியத்தின் குரல் வில்லைப் படத்தின் மேலேயே தொடங்கட்டும், முகம் அரை விநாடி கழித்து வரட்டும். அப்போது வெட்டு தெரியாது.

வேகமானி:
சரி, ஆனால் முதல் 40 விநாடிக்கு ஜூம் வேண்டும்தானே?

ஒலிவிளிம்பு:
ஜூம் தவறில்லை. அவருடைய மூலம் 4கே, 1080 டைம்லைனில் இரு மடங்கு வரை தெளிவு போகாது. 115%-ஐ அரைகுறை ஜூம் என்று நினைக்கிறேன், கேமரா தவறுதலாக நகர்ந்த மாதிரி இருக்கும். 130 வைத்தால் வேண்டுமென்றே செய்தது என்று புரியும். ஆனால் எல்லா வெட்டிலும் செய்தால் எதுவும் அழுத்தம் பெறாது. கருத்து திரும்பும் இடத்தில் மட்டும் வையுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நிழல்குடை, மைனஸ் 30 உங்கள் குரலுக்கு அதிகம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, அதுவும் பேசுகிறவரின் மூச்சு குறையும் இடத்தில். "இருக்கிறது", "வேண்டாம்" என்பவற்றின் கடைசி அசை மெல்லியதாக இறங்கும். அதை மௌனம் என்று எண்ணி மென்பொருள் நறுக்கிவிடுகிறது. 0:22-இல் "வாங்கக் கூடா" என்று நிற்கிறது, கேட்டுப் பாருங்கள். வாக்கியம் முடிந்ததா என்றே தெரியாத நிலையில் அடுத்தது தொடங்கிவிடுகிறது. மைனஸ் 42-க்கு இறக்கி, சொல்லுக்கு முன் 4 ஃபிரேம், பின் 8 ஃபிரேம் விட்டு வையுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒலிக்கு இரண்டு ஃபிரேம் கிராஸ்ஃபேட் கொடுத்தால் டிக் சத்தமும் போய்விடும். அப்புறம் "எதை முதலில் பார்க்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கும் இடத்தில் ஒரு விநாடி மௌனத்தைத் தொடாதீர்கள். அந்தக் கேள்வி மனதில் இறங்க நேரம் வேண்டும்.

மூத்தவெட்டு:
எட்டு ஃபிரேமா நாலு ஃபிரேமா என்று எண்ணிக்கொண்டிருப்பதெல்லாம் புதியவர்களின் பழக்கம். காதால் வெட்ட வேண்டும். ஸ்டாக் படம் போட்ட அன்றே அந்த வீடியோ போய்விட்டது. சொந்தமாக எடுக்க முடியாவிட்டால் பி-ரோல் வேண்டாம்.

சட்டகம்25:
இதை ஏற்க மாட்டேன். சூரியனின் உட்பகுதியையோ இதய வால்வையோ அவர் சொந்தமாக எப்படி எடுப்பார்? படம் யாருடையது என்பது இரண்டாவது. சொல்லும் வாக்கியத்துக்கு அது சாட்சியாக நிற்கிறதா என்பதுதான் முதலாவது.

மூத்தவெட்டு:
சாட்சி என்றால் வரைபடம் போடுங்கள். ஸ்டாக் படம் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், இவர் நேரத்தை நிரப்புகிறார் என்று.

வேகமானி:
என் சேனலில் அதிகம் பார்த்தது முழுக்க ஸ்டாக் போட்ட வீடியோதான்.

மூத்தவெட்டு:
அதிகம் பார்த்ததும் கடைசிவரை பார்த்ததும் ஒன்றல்ல.

கடலோரம்:
முகமே காட்டாமல் கையை மட்டும் காட்டினால் வெட்டு தெரியாதா? கேமரா பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

ஒலிவிளிம்பு:
கை எந்த இடத்தில் இருக்கிறது என்பது பொருந்தாவிட்டால் அங்கும் குதிக்கும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம்.

நிழல்குடை, முதல் 40 விநாடியின் சரிவு வெட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை என்று சந்தேகப்படுகிறேன். தலைப்பு தொலைநோக்கி என்கிறது, நீங்கள் 35 விநாடிக்குச் சேனலைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதை வெட்டிப் பாருங்கள். ஏற்றிய வீடியோவின் கோப்பை மாற்ற முடியாது, ஆனால் ஸ்டுடியோவின் எடிட்டரில் நடுவிலோ முன்னாலோ கத்தரிக்கலாம், பார்வை எண்ணிக்கையும் கருத்துகளும் அப்படியே இருக்கும்.

மூத்தவெட்டு:
முதல் பதிலில் நான் சொன்னதும் அதுதானே. எழுத்து.

நிழல்குடை (9 நாள் கழித்து):
தாமதத்துக்கு மன்னிக்கவும். பழையதில் முன்னுரையைக் கத்தரித்தேன். புதிய வீடியோவில் மைனஸ் 42, வில்லைகள் மேசையில், சுருக்கிச் சொல்லும் வாக்கியங்கள் இல்லை. படிக்கட்டு விழுவது நின்றுவிட்டது. ஆரம்பச் சரிவு குறைந்திருக்கிறது, ஆனால் 20-வது விநாடியில் இன்னும் ஒன்று இருக்கிறது, காரணம் தெரியவில்லை. ஒலிவிளிம்பு, "கூடா" என்று நின்றதை நான் கவனிக்கவே இல்லை, நன்றி.

சட்டகம்25:
20-வது விநாடியில் என்ன சொல்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.